வரைபடத்தில் 78 சதவீத ஏற்றம், கணக்கில் 30 சதவீத லாபம்: முன்பேர ஒப்பந்தத்தை அடுத்த மாதத்துக்கு மாற்றும்போது நடப்பது என்ன?

மும்பை, கோவண்டி: கச்சா எண்ணெயின் விலை வரைபடத்தைக் கைப்பேசியில் திறந்து, 2020 ஏப்ரல் 17ஆம் தேதியையும் மே 19ஆம் தேதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. அமெரிக்காவின் டபிள்யூ.டி.ஐ. ரக எண்ணெய் முதல் நாளில் பீப்பாய்க்கு 18.27 டாலர், பிந்தைய நாளில் 32.50 டாலர். ஒரே மாதத்தில் ஏறத்தாழ 78 சதவீத ஏற்றம். ஆனால் அந்த மாதம் முழுவதும் எண்ணெய் ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்தவருக்குக் கிடைத்தது பீப்பாய்க்கு 7.47 டாலர் மட்டுமே. அதாவது ஏறத்தாழ 30 சதவீதம்.

வரைபடம் காட்டிய 14.23 டாலருக்கும் கைக்கு வந்த 7.47 டாலருக்கும் இடையே 6.76 டாலர் வேறுபாடு உள்ளது. இதைத் தரகர் எடுத்துக்கொள்ளவில்லை, வரியாகவும் போகவில்லை. ஏப்ரல் 17 அன்று மே மாத ஒப்பந்தத்துக்கும் ஜூன் மாத ஒப்பந்தத்துக்கும் இடையே இருந்த விலை இடைவெளிதான் அது. ஒரு மாத ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு அடுத்த மாத ஒப்பந்தத்துக்கு மாறுவதைச் சந்தையில் 'ரோல்ஓவர்' என்பர். அந்த மாற்றத்தில் உருவாகும் இடைவெளியே 'ரோல் செலவு' எனப்படுகிறது. பெரும்பாலான தொடர் வரைபடங்களில் இந்தச் செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒப்பந்தத்துக்கு ஆயுள் உண்டு

பங்கை வாங்கினால் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். முன்பேர ஒப்பந்தம் அப்படிப்பட்டதல்ல. ஒவ்வோர் ஒப்பந்தமும் ஒரு குறிப்பிட்ட மாதத்துக்கு உரியது. அதற்கு ஒரு காலாவதி நாள் உண்டு. அந்நாளுடன் அது தீர்க்கப்பட்டு மறைந்துவிடும். எண்ணெய் விலை மேலும் உயரும் என்று கருதுபவர், காலாவதிக்கு முன்பு கையிலுள்ள ஒப்பந்தத்தை விற்றுவிட்டு அடுத்த மாத ஒப்பந்தத்தை வாங்க வேண்டும். ஆகவே 'கச்சா எண்ணெய் முன்பேர விலை' என்று ஒரே ஒரு விலை இல்லை. ஒரே நேரத்தில் பல மாத ஒப்பந்தங்கள், வெவ்வேறு விலைகளில் வர்த்தகமாகின்றன.

அடுத்த மாதம் ஏன் விலை கூடுதலாக இருக்க வேண்டும்? கோவண்டிக்கு அருகே, செம்பூரை அடுத்த மாஹுலில் பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய இரு நிறுவனங்களின் சுத்திகரிப்பு ஆலைகள் உள்ளன. அங்குள்ள பெரிய சேமிப்புத் தொட்டிகளை நினைத்துக்கொண்டால் விடை எளிது. இன்று எண்ணெயை வாங்கி அடுத்த மாதம் விற்பவர், இடைப்பட்ட நாள்களுக்குத் தொட்டி வாடகையும் காப்பீடும் செலுத்த வேண்டும். எண்ணெயில் முடங்கிய பணத்துக்கு வட்டியும் இழக்கிறார். இவற்றையெல்லாம் சேர்த்தே அடுத்த மாத விலை அமைகிறது. பிந்தைய மாதம் விலை கூடுதலாக உள்ள இந்நிலைக்குக் 'கான்டாங்கோ' என்று பெயர். உடனடி எண்ணெய்க்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, அருகிலுள்ள மாதமே விலை கூடுதலாக இருந்தால் அது 'பேக்வர்டேஷன்'.

2020 ஏப்ரலில் நடந்தது கான்டாங்கோவின் உச்ச நிலை. கொரோனா பொதுமுடக்கத்தால் எண்ணெய்த் தேவை சரிந்தது. டபிள்யூ.டி.ஐ. எண்ணெய் ஒப்படைக்கப்படும் இடமான, ஓக்லஹோமா மாநிலத்தின் குஷிங் நகரில் சேமிப்பிடம் கிடைப்பது அரிதாகிவிட்டது. மே மாத எண்ணெயைப் பெற்று வைக்க இடமில்லாதவர்கள் எந்த விலைக்கும் அதைத் தள்ளிவிட முயன்றனர். ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை, மே ஒப்பந்தம் 18.27 டாலரில் முடிந்தபோது, ஜூன் ஒப்பந்தம் 25.03 டாலரில் நின்றது.

அந்த 6.76 டாலர் எங்கே போனது?

ஏப்ரல் 17 மாலை ஒருவர் மே ஒப்பந்தத்தை 18.27 டாலருக்கு விற்று, ஜூன் ஒப்பந்தத்தை 25.03 டாலருக்கு வாங்கினார் என்று கொள்வோம். அந்த நொடியில் அவர் கணக்கிலிருந்து 6.76 டாலர் கழிக்கப்படுவதில்லை. இரண்டையும் அன்றைய சந்தை விலையிலேயே செய்திருக்கிறார். இதனால்தான் பலர் ரோல் செலவு என்று ஒன்று இல்லை என்றே நினைத்துவிடுகின்றனர்.

செலவு பின்னர் வருகிறது. காலாவதி நெருங்க நெருங்க, எந்த மாத ஒப்பந்தமும் உடனடிச் சந்தை விலையை நோக்கி நகரும். உடனடி விலை 18 டாலரிலேயே அசையாமல் நின்றிருந்தால், 25.03 டாலருக்கு வாங்கிய ஜூன் ஒப்பந்தம் மெல்ல 18 டாலருக்கு இறங்கியிருக்கும். எண்ணெய் விலை மாறவில்லை. ஆனாலும் ஏறத்தாழ ஏழு டாலர் நட்டம். ரோல் செலவு இப்படித்தான் வெளிப்படுகிறது: மாற்றும் நாளில் ஒரே அடியாக அல்ல, அதற்குப் பிந்தைய நாள்களில் சிறிது சிறிதாக.

உண்மையில் உடனடி விலை உயர்ந்தது. ஜூன் ஒப்பந்தம் மே 19 அன்று 32.50 டாலரில் காலாவதியானது. 25.03 டாலருக்கு வாங்கியவருக்கு 7.47 டாலர் லாபம். ஆனால் மாற்றிய நாளில் இரு ஒப்பந்தங்களையும் அப்படியே ஒட்டவைத்த வரைபடம், 18.27 டாலரிலிருந்து 32.50 டாலருக்கு ஒரு கோடு இழுத்துவிடுகிறது. அதில் முதல் 6.76 டாலர் யாருக்கும் கிடைக்காத ஏற்றம். அது விலை உயர்வே அல்ல. ஒரு பொருளிலிருந்து வேறொரு பொருளுக்குத் தாவியதன் தடம்.

இறக்கத்தில் இந்தப் பிழை இன்னும் ஆபத்தானது. ஏப்ரல் 21 அன்று ஜூன் ஒப்பந்தம் 11.57 டாலருக்குச் சரிந்தது. வரைபடத்தில் அது 18.27 டாலரிலிருந்து 6.70 டாலர் வீழ்ச்சியாகத் தெரியும். ஆனால் 25.03 டாலருக்கு வாங்கியவரின் கணக்கில் அன்று பதிவான நட்டம் 13.46 டாலர்; ஏறத்தாழ இரு மடங்கு. முன்பேர வர்த்தகத்தில் நட்டம் அன்றன்றே மார்ஜின் தொகையிலிருந்து கழிக்கப்படும். வரைபடத்தை நம்பி மார்ஜின் வைத்திருந்தவருக்கு, மே 19 வரை தாக்குப்பிடிக்கும் பணம் இருந்திருக்காது.

மாற்றாமல் இருந்தவர்களின் கதை

இடைவெளிக்கு அஞ்சி மாற்றாமலே இருந்துவிடலாமே என்ற கேள்விக்கு விடை மும்பையிலேயே உள்ளது. நாட்டின் முதன்மைப் பொருள் சந்தையான எம்.சி.எக்ஸ்., அந்தேரியில் இயங்குகிறது. அங்குள்ள கச்சா எண்ணெய் ஒப்பந்தத்தில் எண்ணெய் கை மாறுவதில்லை. நியூயார்க் சந்தையின் தீர்வு விலையை ரூபாய்க்கு மாற்றி, பணமாகவே கணக்குத் தீர்க்கப்படுகிறது. ஒரு லாட் என்பது 100 பீப்பாய்.

எம்.சி.எக்ஸ். ஏப்ரல் ஒப்பந்தத்தின் காலாவதி நாள் 2020 ஏப்ரல் 20, திங்கள்கிழமை. பொதுமுடக்கத்தால் வர்த்தக நேரம் மாலை 5 மணி வரை எனக் குறைக்கப்பட்டிருந்தது. மும்பையில் வர்த்தகம் முடிந்தபோது விலை ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இருந்தது. நியூயார்க்கில் தீர்வு விலை கணக்கிடப்படும் நேரம் இந்தியாவில் நள்ளிரவு. அதற்குள் மே ஒப்பந்தம் வரலாற்றில் முதன்முறையாகப் பூஜ்யத்துக்குக் கீழே சென்று, மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அதன்படி எம்.சி.எக்ஸ். இறுதித் தீர்வு விலையை மைனஸ் 2,884 ரூபாய் என நிர்ணயித்தது. மாலையில் வாங்கும் நிலையைக் கையில் வைத்துக்கொண்டு உறங்கச் சென்றவருக்கு, ஒரு லாட்டுக்கு மூன்றே முக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல் நட்டம்.

நியூயார்க்கின் மே ஒப்பந்தம் காலாவதியானது மறுநாள், ஏப்ரல் 21 அன்று. அன்று அது மீண்டு 10.01 டாலரில் முடிந்தது. இந்திய ஒப்பந்தம் ஒரு நாள் முன்னதாகவே முடிந்ததால், இந்திய வர்த்தகர்களுக்கு அந்த மீட்சி கிடைக்கவில்லை.

ஒரே வரலாறு, மூன்று விலைகள்

தொடர் வரைபடம் எவ்வாறு தயாராகிறது என்பதைப் பார்த்தால் சிக்கலின் வேர் புரியும். சில மாதங்களே உயிர்வாழும் தனித்தனி ஒப்பந்தங்களை வரிசையாக ஒட்டி, பல ஆண்டு நீளமுள்ள ஒரே கோடாக அது ஆக்கப்படுகிறது. CL1! அல்லது CRUDEOIL1! போன்ற குறியீடுகள், எப்போதும் மிக அருகிலுள்ள மாத ஒப்பந்தத்தைக் காட்டுபவை. ஒட்டும் இடத்தில் இடைவெளியை என்ன செய்வது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

முதல் முறையில் ஒன்றும் செய்வதில்லை. விலைகளை அப்படியே ஒட்டுவர். ஒவ்வொரு நாளும் காட்டும் விலை உண்மையானது. ஆனால் ஒட்டு விழும் இடங்களில் பொய்யான தாவல்கள் இருக்கும். மேலே கண்ட 78 சதவீதம் இந்த வகையின் விளைவு.

இரண்டாம் முறை பின்னோக்கிய திருத்தம். ஒட்டும் நாளில் உள்ள இடைவெளியை அதற்கு முந்தைய எல்லா விலைகளுடனும் கூட்டிவிடுவர். ஏப்ரல் 17 விலை 18.27 டாலருக்குப் பதில் 25.03 டாலர் எனத் தெரியும். லாப நட்டம் டாலர் கணக்கில் சரியாகிவிடும்: 25.03 டாலரிலிருந்து 32.50 டாலர் வரை 7.47 டாலர். ஆனால் பழைய விலைகள் எவையும் இப்போது உண்மையானவை அல்ல.

எவ்வளவு விலகும் என்பது ஒட்டும் நாளைப் பொறுத்தது. 2020 ஜனவரி 2 அன்று டபிள்யூ.டி.ஐ. 61.18 டாலரில் முடிந்தது. மற்ற மாதங்களின் சிறு இடைவெளிகளை ஒதுக்கிவிட்டு, இந்த ஒரு மாற்றத்தை மட்டும் திருத்தினால் கிடைப்பவை இவை. ஏப்ரல் 17 அன்று ஒட்டிய வரைபடத்தில் அந்த ஜனவரி விலை 67.94 டாலர். காலாவதி நாளான ஏப்ரல் 21 அன்று ஒட்டியதில், மே 10.01 டாலர், ஜூன் 11.57 டாலர் என்பதால், 62.74 டாலர். ஏப்ரல் 20 அன்று ஒட்டியதில், மே மைனஸ் 37.63 டாலர், ஜூன் 20.43 டாலர் என்பதால் இடைவெளி 58.06 டாலர், ஜனவரி விலை 119.24 டாலர் எனத் தெரியும். எண்ணெய் 61 டாலருக்கு விற்ற நாள், வரைபடத்தில் 119 டாலர் நாளாகிவிடுகிறது.

மூன்றாம் முறை விகிதத் திருத்தம். இடைவெளியைக் கூட்டாமல், இரு விலைகளின் விகிதத்தால் பழைய விலைகளைப் பெருக்குவர். சதவீதக் கணக்கு சரியாக வரும் என்பது இதன் நன்மை. ஆனால் ஒட்டும் நாளில் விலை பூஜ்யத்துக்குக் கீழே போனால் விகிதமும் மைனஸாகி, பழைய விலைகள் அனைத்தும் தலைகீழாகிவிடும். ஏப்ரல் 20 அன்று இந்த முறைக்கு விடையே இல்லை.

ஆகவே குறையற்ற முறை என்று ஒன்றில்லை. அன்று எண்ணெய் என்ன விலைக்கு விற்றது என்று அறியத் திருத்தாத வரைபடம் வேண்டும். வைத்திருந்தவர் என்ன ஈட்டினார் என்று அறியத் திருத்திய வரைபடம் வேண்டும். ஒன்றின் கேள்விக்கு மற்றொன்றிடம் விடை தேடும்போதுதான் தவறு நேர்கிறது.

சாதாரண மாதங்களில் எவ்வளவு?

2020 ஏப்ரல் போன்ற மாதம் அரிது. வழக்கமான மாதத்தில் இடைவெளி சிறியது என்பதாலேயே அது கவனத்தில் படுவதில்லை. ஒரு கற்பனைக் கணக்கு: கையிலுள்ள மாதம் பீப்பாய்க்கு 6,000 ரூபாய், அடுத்த மாதம் 6,045 ரூபாய். இடைவெளி 0.75 சதவீதம். 100 பீப்பாய் கொண்ட ஒரு லாட்டுக்கு 4,500 ரூபாய். இதே நிலை ஆண்டு முழுவதும் நீடித்தால், உடனடி விலை அசையாமல் இருந்தாலும் 9 சதவீதம் கரைந்துவிடும்.

இத்துடன் தரகரின் ரசீதில் தெரியும் செலவுகளை ஒப்பிடலாம். விற்கும்போது செலுத்தும் பொருள் பரிவர்த்தனை வரி, வேளாண்மை சாராத பொருள்களுக்கு 0.01 சதவீதம். 6 லட்சம் ரூபாய் மதிப்புள்ள லாட்டுக்கு அது 60 ரூபாய். தரகுக் கட்டணமும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான சிறு வேறுபாடும் இதனுடன் சேரும். ரசீதில் அச்சாகும் செலவு சில நூறு ரூபாய். அச்சாகாத செலவு 4,500 ரூபாய்.

ஆண்டுகள் செல்லச் செல்ல இந்தச் சிறு தொகை எவ்வளவு பெருகும் என்பதற்கு அமெரிக்காவின் யு.எஸ்.ஓ. எண்ணெய் நிதியம் சான்று. முன்பேர ஒப்பந்தங்களை வாங்கி மாதந்தோறும் மாற்றிவந்த இந்த நிதியம் 2006 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. அப்போது எண்ணெய் விலையும் நிதியத்தின் ஒரு அலகின் விலையும் ஏறத்தாழ ஒரே அளவில், 68 டாலர் அருகே இருந்தன. 2014 ஜூனில் எண்ணெய் 100 டாலரைக் கடந்து விற்றது. நிதியத்தின் அலகோ 40 டாலருக்கும் கீழே இருந்தது. எண்ணெய் உயரும் என்ற கணிப்பு சரியாக இருந்தும் முதலீட்டாளர்கள் இழந்தனர். 2020 ஏப்ரல் வீழ்ச்சிக்குப் பின் எட்டு அலகுகளை ஒன்றாக இணைக்க வேண்டிய நிலைக்கு அந்த நிதியம் வந்தது.

எனினும் ரோல் இடைவெளி எப்போதும் நட்டமல்ல. பேக்வர்டேஷன் நிலவினால் வாங்கியவர் விலை கூடுதலான மாதத்தை விற்று, விலை குறைந்த மாதத்தை வாங்குகிறார். அப்போது இடைவெளி அவருக்குச் சாதகம். விற்றவருக்கு இவை யாவும் தலைகீழ். மேலும், தங்கத்திலும் நிஃப்டி போன்ற பங்குக் குறியீடுகளிலும் இடைவெளியின் பெரும்பகுதி வட்டிதான். முன்பேரத்தில் முழுத் தொகையையும் செலுத்த வேண்டியதில்லை என்பதால், மீதிப் பணத்தை வங்கியில் வைத்து வட்டி பெறுபவருக்கு அந்த அளவு ஈடாகிவிடும். அந்தப் பணமே கையில் இல்லாமல், மார்ஜினை மட்டும் வைத்து வர்த்தகம் செய்பவருக்கு அது முழுச் செலவு.

கண்டறிவது எப்படி?

முதலில், பார்க்கும் வரைபடம் எவ்வகை என்று உறுதிசெய்ய வேண்டும். சில தளங்களில் B-ADJ என்ற பொத்தான் இருக்கும். அது பின்னோக்கிய திருத்தத்தைக் குறிக்கும். பொத்தான் இல்லாவிட்டாலும் ஒரு சோதனை உண்டு. கடந்த ஆண்டின் ஏதேனும் ஒரு நாளை எடுத்து, வரைபடத்தின் விலையை அந்நாளைய செய்தியில் வந்த விலையுடன் ஒப்பிடலாம். இரண்டும் ஒத்திருந்தால் வரைபடம் திருத்தப்படாதது. அதில் தெரியும் நீண்டகால ஏற்ற இறக்கத்தை லாப நட்டமாகக் கொள்ளக் கூடாது.

அடுத்து, காலாவதி நாள்களை ஒட்டி வரும் திடீர்த் தாவல்களைக் கவனிக்க வேண்டும். அந்த நாளில் குறிப்பிட்ட மாத ஒப்பந்தத்தின் தனி வரைபடத்தைத் திறந்தால் தாவல் அங்கே இருக்காது. இருக்கவில்லை என்றால் அது ஒட்டுத்தடமே. முந்தைய நாளின் உச்ச விலை, சராசரிக் கோடு ஆகியவற்றைக் கொண்டு முடிவெடுப்பவர்களை இந்தத் தடங்கள் தவறான பக்கம் திருப்பிவிடும்.

மாற்றும் நாளுக்கு முன்பாக இரு மாத விலைகளையும் எழுதிக்கொண்டு, இடைவெளியைக் கையிலுள்ள மாத விலையால் வகுத்துப் பார்த்தால் போதும். 2020 ஏப்ரல் 17 அன்று இந்தக் கணக்கைப் போட்டவருக்கு 37 சதவீதம் என்ற விடை வந்திருக்கும். மே ஒப்பந்தம் வைத்திருந்தவருக்கு, மைனஸ் விலைக்கு இன்னும் ஒரே ஒரு வர்த்தக நாள்தான் மீதமிருந்தது.